வரப்பு தாண்டிய களை மருந்து: பேசி வாங்குவதா, மனு கொடுப்பதா, கோர்ட்டுக்குப் போவதா?

ஐப்பசி நடுவில் ஒரு காலை மச்சான் போன் பண்ணினார். "பருத்தியில வெண்டை எல முளைக்குதுய்யா, வந்து பாரு" என்றார். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் காட்டில் அவருக்கு 2 ஏக்கர் மானாவாரிப் பருத்தி. அப்போது பயிருக்கு 45 நாள் இருக்கும். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அடி இலைகள் எல்லாம் பழையபடி அகலமாக இருந்தன. புதிதாக வந்த கொழுந்து இலைகள் மட்டும் ஒடுங்கி, நீண்டு, விரல் விரலாகப் பிரிந்து, நரம்புகள் ஒன்றோடொன்று நெருங்கி, தவளைக் கால் மாதிரி தொங்கின. தண்டின் நுனி வளைந்திருந்தது.

வடகிழக்கு வரப்புக்கு அப்பால் மக்காச்சோளம். அதன் உரிமையாளர் மச்சானுக்குப் பங்காளி முறையில் அண்ணன். பத்து நாளுக்கு முன்னால் அவர் அதில் 2,4-டி என்கிற களை மருந்தை அடித்திருக்கிறார். வாடைக் காற்று தொடங்கியிருந்த நேரம் அது.

அதற்குப் பிறகு நாங்கள் யோசித்துப் பார்க்காத படி கிடையாது. எந்தப் படியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எவ்வளவு செலவாகும் என்று ஒப்பிட்டுத்தான் கடைசியில் ஒரு வழியைப் பிடித்தோம். அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களுக்குப் பொருந்திய வழி எல்லாருக்கும் பொருந்தாது. எங்கே மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இது அந்த மருந்துதானா?

எந்த வழியில் போனாலும் எதிரே இருப்பவர் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

2,4-டி அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல் வகையை விட்டுவிடும். மக்காச்சோளம் புல் வகை, தாங்கிக்கொள்ளும். பருத்தி, தக்காளி, திராட்சை மூன்றும் இதைக் கொஞ்சமும் தாங்காது. தெளிக்கிற அளவில் மிகச் சிறு பங்கு வந்து விழுந்தாலே பருத்தியின் கொழுந்து கோணிவிடும். மருந்துபடும்போது விரிந்து முடிந்திருந்த இலைகளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு விரிகிற இலையில்தான் அடையாளம் வரும். அதனால்தான் தெளித்து நாலைந்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கழித்துத்தான் பலரும் கவனிக்கிறார்கள்.

கடையில் இது எஸ்டர், அமைன் உப்பு, சோடியம் உப்பு என்று மூன்று வடிவில் கிடைக்கிறது. எஸ்டர் எளிதில் ஆவியாகும். தெளிக்கும்போது துளியாகப் பறந்து வருவது ஒரு வகை. தெளித்து முடித்த பிறகு வெயிலில் ஆவியாகி நகர்ந்து வருவது இன்னொரு வகை. "அன்னிக்குக் காத்தே இல்லையேப்பா" என்று பங்காளி சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எஸ்டர் என்றால் அடுத்த நாள் காற்றிலும் அது வந்திருக்கலாம். ஆகவே முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது, அடித்தது எந்த வடிவம் என்பது. வரப்பில் கிடந்த காலி டப்பாவின் லேபிளைப் படம் எடுத்தோம். எஸ்டர்தான்.

இதே மாதிரி இலை வேறு காரணத்தாலும் கோணுமா? தத்துப்பூச்சி, இலைப்பேன் தாக்கினாலும் இலை சுருளும். ஆனால் அது கிண்ணம் மாதிரி மடங்கும், ஓரம் மஞ்சளாகும் அல்லது சிவக்கும். இப்படி விரல் விரலாக ஒடுங்காது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். காற்றில் வந்த மருந்துக்கு ஒரு சரிவு உண்டு. வரப்போரம் கடுமையாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறைந்து, ஓரிடத்தில் நின்றுவிடும். வரப்பில் நிற்கும் அகன்ற இலைக் களைகளும் கோணியிருக்கும், பக்கத்திலேயே புல் நன்றாக இருக்கும்.

நாங்கள் பயந்தது இன்னொரு காரணத்துக்கு. களை மருந்து அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே பூச்சி மருந்து கலக்கி நம் பருத்திக்கு நாமே அடித்துவிட்டாலும் இதே இலைதான் வரும். எஸ்டர் டேங்கிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும், சும்மா தண்ணீர் விட்டு அலசினால் போகாது. வாடகைக்கு எடுத்த டேங்க் என்றால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுவாகும். அப்படி நடந்திருந்தால் பாதிப்பு வரப்போரம் தொடங்காது, நாம் தெளிக்கத் தொடங்கிய இடத்தில் தொடங்கும். முதல் டேங்க் தீர்ந்த இடம்வரை கடுமையாக இருந்து, இரண்டாவது டேங்கில் குறையும். மச்சான் அந்த ஒரு மாதத்தில் பூச்சி மருந்தே அடிக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அடித்திருந்தால் எந்த மூலையிலிருந்து தொடங்கினார் என்பதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

அன்று மாலைக்குள் வரப்பிலிருந்து உள்ளே பத்து பத்து அடியாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்தோம். பாதிப்பு மூன்று பட்டையாகப் பிரிந்தது. வரப்பை ஒட்டி சுமார் 30 சென்ட் கடுமை. அதற்கடுத்து 40 சென்ட் லேசு. மீதி 130 சென்டில் ஒன்றும் இல்லை. இந்த மூன்று எண்கள்தான் பின்னால் எல்லாக் கணக்கையும் தீர்மானித்தன.

இலையைப் பறித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாமே என்று ஒருவர் சொன்னார். அடையாளம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் செடிக்குள் மருந்து பெரும்பாலும் சிதைந்திருக்கும். ஆய்வில் "இல்லை" என்று வந்துவிட்டால் அதுவே நமக்கு எதிரான காகிதமாகிவிடும். வரப்பிலிருந்து குறைந்துகொண்டே போகும் அந்தச் சரிவுதான் நல்ல சாட்சி என்று முடிவு செய்து, அந்தச் செலவை விட்டோம்.

வேளாண் அலுவலகமும் காவல் நிலையமும்

நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது வேளாண் உதவி இயக்குநர் அலுவலகம்தான். போனோம், மனு கொடுத்தோம். நாலு நாளில் அலுவலர் ஒருவர் வயலுக்கு வந்து பார்த்தார், எங்கள் படங்களையும் பார்த்தார், "களைக்கொல்லி பாதிப்பின் அறிகுறிகள் உள்ளன" என்று எழுதிக் கொடுத்தார். அதில் பரப்பளவும் இருந்தது. அவ்வளவுதான். பங்காளியைக் கூப்பிட்டு "பணம் கொடு" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை.

இது அவருடைய சோம்பல் இல்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் 38-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. ஒருவர் தான் பயிர் செய்யும் நிலத்தில் மருந்தைப் பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. மருந்து தயாரிப்பவர், விற்பவர், போலி மருந்து, உரிமம் ஆகியவற்றைத்தான் சட்டம் பிடிக்கும். பக்கத்து வயல்காரர் தன் காட்டில் அடித்ததை இதன் கீழ் கொண்டுவர முடியாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் அந்த அலுவலகத்துக்கே அலைபவர்கள் உண்டு. அங்கே வாங்க வேண்டியது பார்வை அறிக்கை ஒன்றைத்தான். அதை வாங்கியதும் வெளியே வந்துவிடலாம்.

மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். அந்த மனு சுற்றி வந்து அதே உதவி இயக்குநர் மேசையில்தான் விழும். அலுவலர் பார்க்க வராமல் இழுத்தடித்தால் மட்டும் இந்த வழி பயன்படும்.

பயிர்க் காப்பீடு? மச்சான் பிரீமியம் கட்டியிருந்தார். ஆனால் அந்தத் திட்டம் இயற்கை இடருக்கானது. ஆலங்கட்டி மழை, மண்சரிவு போன்றவை தனி வயலில் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிக் கேட்கலாம். மனிதர் செய்த, தடுத்திருக்கக் கூடிய சேதத்துக்கு அதில் இடமில்லை. அந்தக் கதவு மூடியது.

காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னவர் மச்சானின் தம்பி. கோபம் அவருக்குத்தான் அதிகம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆவது பிரிவு சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் சேதம் செய்யும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். கவனக்குறைவு மட்டும் போதாது. தன் மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்தவரிடம் அந்த எண்ணத்தைக் காட்டுவது கடினம். "இது சிவில் விவகாரம்" என்று நிலையத்தில் சொல்வார்கள், சட்டப்படி அது பெரிய தவறும் இல்லை. மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசவும் வைப்பார்கள். அந்தப் பேச்சில் பயத்தால் ஒரு தொகை வரலாம். அதோடு பங்காளி உறவும் முடிந்துவிடும். வரப்பு, வண்டிப்பாதை, கிணற்று முறை எல்லாம் பொதுவாக இருக்கிற இடத்தில் அது மலிவான பேரம் இல்லை.

இரண்டாவது தடவை நடந்தால் கதை வேறு. முதல் தடவைக்குப் பிறகு "இந்த மருந்தால் என் பருத்தி பாதிக்கப்பட்டது, இனி வரப்போரம் அடிக்கும்போது கவனியுங்கள்" என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போயிருந்தால், அடுத்த முறை "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தக் கடிதத்தை எழுதிப் போடுவது நல்லது.

தெளித்தது கூலிக்கு வந்த டிரோன் என்றாலும் கணக்கு மாறும். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, மிகச் சிறிய வகை தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும். பறந்த பாதையும் நேரமும் பெரும்பாலும் அதிலேயே பதிவாகியிருக்கும். அந்தப் பாலிசி மருந்துச் சேதத்தையும் ஏற்கிறதா என்பதைப் படித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் கேட்க வேண்டிய ஆள் பங்காளி மட்டும் இல்லை என்றாகிறது.

கோர்ட் எப்போது கட்டுப்படியாகும்?

நஷ்ட ஈட்டை உத்தரவாகப் பெற உரிமையியல் நீதிமன்றம்தான் முறையான இடம். தமிழ்நாட்டில் 10 லட்ச ரூபாய் வரையான வழக்கு முன்சீப் கோர்ட்டில் போகும். கோர்ட் கட்டணம் 2017-க்குப் பிறகு கேட்கும் தொகையில் 3 சதவீதம். லட்ச ரூபாய் கேட்டால் 3,000 ரூபாய். காலக்கெடு மூன்று ஆண்டு. இதுவரை கேட்டால் பயமாக இல்லை.

சிக்கல் சாட்சியத்தில் இருக்கிறது. வழக்கு விசாரணைக்கு வரும்போது அந்தப் பருத்தி வயலில் இருக்காது, அதன் மேல் இரண்டு பயிர் முடிந்திருக்கும். அதனால் வழக்குப் போட்ட உடனே, செடி நிற்கும்போதே, வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி வயலைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி மனு போட வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. கூடவே வேளாண் அலுவலர் ஒருவரையும் அழைத்துப் போக அனுமதி கேட்கலாம். ஆணையரின் படி, வக்கீல் பீஸ், சாட்சிகளின் அலைச்சல், நம்முடைய நாள் கூலி எல்லாம் சேர்த்தால் கோர்ட் கட்டணம் ஒன்றுமே இல்லை. எதிர்த் தரப்பு மேல்முறையீடு போனால் ஆண்டுகள் கூடும்.

இன்னொன்று, வயலில் இருந்தது பருத்திதான் என்று காட்ட அடங்கலில் அந்தப் பருவத்துக்கான பதிவு வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பார்த்தால் போன வருஷத்துப் பயிரே இருக்கிறது என்று தெரியவரும் வீடுகள் உண்டு. மச்சானுடையது சரியாக இருந்தது, ஆனால் போய்ப் பார்க்கும் வரை எங்களுக்கு அது தெரியாது.

என் கணக்கில், சேதம் லட்சத்தைத் தாண்டி, எதிரே இருப்பவர் பேச்சுக்கே வராதவராக இருந்தால் கோர்ட் கட்டுப்படியாகும். ஐந்து ஏக்கர் பருத்தி பூவும் சப்பையுமாக நிற்கும்போது முழுக்கப் பாதிக்கப்பட்டால் அந்த அளவு வரும். 70 சென்டுக்குக் கட்டுப்படியாகாது.

நடுவில் ஒரு வழி உண்டு, பலர் அதைப் பார்ப்பதில்லை. தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவில், வழக்கே போடாமல் ஒரு மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. அவர்கள் எதிர்த் தரப்பை அழைப்பார்கள். இருவரும் ஒத்துக்கொண்டால் மக்கள் நீதிமன்றத்தில் அதைத் தீர்ப்பாக எழுதித் தருவார்கள். அந்தத் தீர்ப்புக்குக் கோர்ட் டிக்ரிக்கு உள்ள பலம் உண்டு, மேல்முறையீடும் கிடையாது. ஊர்ப் பேச்சில் ஒத்துக்கொண்டுவிட்டு அப்புறம் பணம் தராமல் இழுப்பவரிடம் இது நன்றாக வேலை செய்யும். வரவே மாட்டேன் என்பவரை இழுத்துவர அவர்களால் முடியாது.

பேசி வாங்குவது, ஆனால் எப்போது?

ஊர்ப் பேச்சுதான் மலிவு என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் விஷயத்தில் உண்மையான முடிவு வேறு இடத்தில் இருந்தது. இப்போதே ஒரு தொகைக்கு முடித்துக்கொள்வதா, அறுவடை வரை பொறுப்பதா என்பதுதான் அது.

முதல் பேச்சில் மச்சான் 50,000 கேட்டார். "ரெண்டு ஏக்கரும் போச்சுண்ணே" என்றார். பங்காளி சிரித்துவிட்டு, "எல கோணினதுக்கு அம்பதாயிரமா? மூவாயிரம் வாங்கிக்க தம்பி, உரத்துக்கு ஆச்சு" என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். பருத்தி லேசான அடியிலிருந்து மீண்டு வரும். 45 நாளில் கொழுந்து கோணினால், அதற்குப் பிறகு பக்கக் கிளைகள் வந்து காய் பிடிக்க நேரம் இருக்கிறது. சப்பை பிடித்த பிறகு அடிபட்டால் உதிர்ந்துவிடும், மீள நாள் போதாது. பத்தாம் நாளில் யார் என்ன தொகை சொன்னாலும் அது ஊகம்தான்.

3,000 ரூபாயை வாங்கிக்கொண்டு "முழு நஷ்ட ஈடும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மாசியில் காய் குறைந்தால் வாய் திறக்க முடியாது. மறுபக்கம், கோபத்தில் பருத்தியை உழுதுவிட்டு மறுபயிர் போட்டிருந்தால் சாட்சியமும் போயிருக்கும். மீண்டிருக்கக் கூடிய பயிரை நீயே அழித்தாய் என்ற பேச்சும் வந்திருக்கும். சேதத்தைக் குறைக்க நாம் என்ன செய்தோம் என்பதை ஊரும் கேட்கும், கோர்ட்டும் கேட்கும்.

அதனால் நாங்கள் தொகையைப் பேசுவதை நிறுத்திவிட்டு, தொகையைக் கணக்கிடும் முறையைப் பேசினோம். இதுதான் முழுக் கதையிலும் உருப்படியான காரியம். பங்காளியும் இதற்குச் சீக்கிரம் இறங்கி வந்தார். 50,000 என்ற எண் அவரை மிரட்டியிருந்தது. எடை போட்டுப் பார்த்துத் தருவது என்றால் அவருக்கும் நியாயமாகத் தெரிந்தது. கையெழுத்துப் போட மட்டும் தயங்கினார். நாளைக்குக் கோர்ட்டில் காட்டுவீர்களோ என்ற பயம். அதனால் "தவறு" என்ற சொல்லே வராமல் எழுதினோம். எந்தத் தேதியில் எந்த மருந்து தெளிக்கப்பட்டது, எத்தனை சென்டில் பாதிப்பு, எப்படி அளப்பது, விலை எதை வைத்து என்று மட்டும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி. மீட்புச் செலவுக்கு முன்பணமாக 3,000 ரூபாய் கொடுத்தார். அது முன்பணம்தான், முடிவுத் தொகை இல்லை என்பதும் அதில் இருந்தது.

அந்த வாரமே கடுமையான பட்டையில் கோணிய நுனிகளை ஆள் விட்டுக் கிள்ளினோம், யூரியா கரைசல் தெளித்தோம். பக்கக் கிளை சீக்கிரம் எழும்ப இது உதவும். ஆள் கூலியும் யூரியாவும் சேர்த்து 1,700 ரூபாய். ரசீதும் கூலிக் கணக்கும் எழுதி வைத்தோம்.

அளக்கும் முறை இதுதான். 21 அடிக்கு 21 அடி கட்டம் போட்டால் கிட்டத்தட்ட ஒரு சென்ட். மூன்று பட்டையிலும் மூன்று மூன்று கட்டம், நாலு மூலையிலும் குச்சி. கட்டங்களைப் பங்காளியும் கூட நின்றுதான் தேர்ந்தெடுத்தார். அவர் ஒரு நல்ல ஆட்சேபம் சொன்னார். வரப்போரம் வேப்பமர நிழலில் எப்போதுமே காய் குறைவுதானே, அதையும் என் தலையில் கட்டுவீர்களா என்றார். சரி என்று நிழல் விழும் இடத்தைத் தவிர்த்தோம். நல்ல பட்டையிலும் அதே மண்வாகு உள்ள இடமாகப் பார்த்தோம். ஒவ்வோர் எடுப்பிலும் கட்டங்களின் பருத்தியைத் தனித்தனிச் சாக்கில் போட்டு, இரண்டு தரப்பும் பார்க்க எடை போட்டு நோட்டில் எழுதினோம்.

கடைசி எடுப்பு முடிந்ததும் சராசரி இப்படி வந்தது. நல்ல பட்டையில் சென்டுக்கு 6 கிலோ. லேசான பட்டையில் 4.5 கிலோ. கடுமையான பட்டையில் 2 கிலோ. அதாவது 40 சென்டில் ஒன்றரைக் கிலோ வீதம் 60 கிலோ நஷ்டம், 30 சென்டில் 4 கிலோ வீதம் 120 கிலோ நஷ்டம். மொத்தம் 180 கிலோ. மச்சான் மீதிப் பருத்தியை விற்ற விலை கிலோ 70 ரூபாய், அதே விலையில் 12,600 ரூபாய். ஆனால் எடுக்காத பருத்திக்கு எடுப்புக் கூலி கொடுக்கவில்லையே. கிலோவுக்கு 12 ரூபாய் வீதம் 2,160 ரூபாயைக் கழிக்க வேண்டும். இதை நாங்களே சொன்னதும் பங்காளியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் எதையும் மறுக்கவில்லை. மிச்சம் 10,440, அதோடு மீட்புச் செலவு 1,700, ஆக 12,140 ரூபாய். முன்பணம் போக 9,140. அவர் 9,000 கொடுத்தார், நூற்று நாற்பதை யாரும் கேட்கவில்லை.

50,000-க்கும் 3,000-க்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பத்தாம் நாளில் "நடுவில் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று ஊரார் சொல்லியிருந்தால் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருக்கும், அதை அவர் கொடுத்திருக்கவே மாட்டார். பிறகு தம்பி சொன்ன காவல் நிலையம்தான்.

இந்த முறை வேலை செய்யாத இடங்களும் உண்டு. எதிரே இருப்பவர் குத்தகைக்காரராக இருந்து பருவம் முடிந்ததும் போய்விடுவார் என்றால், அறுவடை வரை பொறுப்பது ஆபத்து. முன்பணத்தைப் பெரிதாகக் கேட்க வேண்டும், அல்லது உடனே ஒரு தொகைக்கு முடிக்க வேண்டும். வயல் முழுக்கப் பாதிக்கப்பட்டிருந்தால் ஒப்பிட நல்ல பட்டையே இருக்காது. அப்போது ஊரில் அதே ரகம், அதே வாரம் விதைத்த வேறொருவர் வயலை இருவரும் ஒத்துக்கொண்டு எடுக்க வேண்டும், அதில் தகராறு வரும். தக்காளி மாதிரி வாரத்துக்கு வாரம் விலை மாறும் பயிருக்கு, எந்த நாள் விலை என்பதை முதலிலேயே எழுதாவிட்டால் கணக்கு முடியாது.

மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர் வந்து பயிரை அழித்தால் ஒப்பீடு தலைகீழாகிவிடும். மேட்டு நிலத்தில் விழுந்த மழை இயல்பாகப் பள்ளத்துக்கு ஓடிவருவதைப் பள்ளத்து நிலக்காரர் தடுக்க முடியாது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் மேட்டு நிலத்துக்கு அந்த உரிமையைத் தருகிறது. புதிதாக வாய்க்கால் வெட்டியோ, மோட்டார் வைத்தோ, வரப்பை ஓரிடத்தில் உடைத்தோ மொத்தத் தண்ணீரையும் நம் பயிரில் இறக்கினால் அது அந்த உரிமைக்குள் வராது. மருந்து ஒரு நாள் சமாசாரம், தண்ணீர் ஒவ்வொரு மழைக்கும் வரும். அங்கே பணத்தைவிடத் தடை உத்தரவுதான் தேவை. அதைக் கோர்ட்தான் தர முடியும். அந்த வகைத் தகராறுக்கு முன்சீப் கோர்ட்டை நான் தயங்காமல் சொல்வேன். புலப்படமும், மழை பெய்யும்போதே எடுத்த வீடியோவும் கையில் இருக்க வேண்டும்.

நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட அந்த முச்சலிக்கையின் கடைசி வரி அடுத்த பருவத்தைப் பற்றியது. பருத்தி நிற்கும் வருஷம் பங்காளி எஸ்டர் வாங்க மாட்டார், வாங்கினால் சோடியம் உப்பு. அதையும் வரப்பை ஒட்டிய பத்து வரிசைக்கு அடிக்காமல் ஆள் விட்டுக் களை எடுப்பார். தெளிக்கும் முந்தின நாள் போன் பண்ணுவார். இந்த வருஷம் போன் வந்தது. சோடியம் உப்புதான் வாங்கியிருந்தார். பத்து வரிசைக்குக் களை எடுக்கும் கூலியில் பாதியை மச்சான் தர வேண்டும் என்கிறார். அது முச்சலிக்கையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம்.